பத்து முறை நிறுத்துப் பார்த்தல்

என் மேசையில் நானே கட்டிய ஒரு வெப்பமானி இருக்கிறது. எல்எம்35 என்ற சின்ன உணரி ஒன்று, அர்டுயினோ ஊனோ பலகை ஒன்று, நடுவே மூன்று கம்பிகள். அவ்வளவுதான். அந்த உணரி ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் என்ற கணக்கில் மின்னழுத்தம் தரும். அறை 30 டிகிரியில் இருந்தால் 300 மில்லிவோல்ட், 31 டிகிரியில் 310. பலகை அதை எண்ணாக மாற்றி மடிக்கணினித் திரைக்கு அனுப்பும்.

கோடைக்காலப் பிற்பகல் ஒன்றில் அறை மெல்ல மெல்லச் சூடேறுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். 30.76 என்று காட்டியது. வெகு நேரம் அதே எண். பிறகு சட்டென்று 31.25. அப்புறம் 31.74, அதற்குப் பின் 32.23. மாலையில் இறங்கும்போதும் இதே எண்கள்தான். 31.5 என்று ஒரு முறைகூட வரவில்லை. அறையின் வெப்பம் 31.5 டிகிரியைத் தொடாமல் 31.25இலிருந்து 31.74க்குப் போயிருக்க முடியாது. உணரியும் அந்த இடைப்பட்ட மின்னழுத்தத்தைத் தரத்தான் செய்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 315 மில்லிவோல்ட் வந்தது. ஆக, அந்த எண்கள் காணாமல் போனது பலகைக்குள்ளே.

அந்தப் பலகையில் இருக்கும் ஏடிமெகா328பி என்ற சிப்புக்குள் அனலாக்–டிஜிட்டல் மாற்றி ஒன்று இருக்கிறது. தொடர்ச்சியாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை முழு எண்ணாக மாற்றுவது அதன் வேலை. இந்த மாற்றிகளில் பல வகை உண்டு. இது அடுத்தடுத்த தோராய முறையில் இயங்குவது. பெயர் கடினமாக இருந்தாலும் மளிகைக் கடையில் தராசைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல.

கடைக்காரர் எடை தெரியாத ஒரு பொட்டலத்தை ஒரு தட்டில் வைக்கிறார். மறு தட்டில் முதலில் பெரிய கல்லை வைப்பார். கல் பக்கம் தாழ்ந்தால் அந்தக் கல் அதிகம். எடுத்துவிட்டு அதற்கு அடுத்த கல்லை வைப்பார். பொட்டலம் பக்கம் தாழ்ந்தே இருந்தால் கல்லை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் அடுத்த சிறிய கல்லைச் சேர்ப்பார். பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிப்பார். தட்டில் மிஞ்சி நிற்கும் கற்களின் கூட்டுத்தொகைதான் எடை.

கடைக் கற்கள் ஐந்து, இரண்டு, ஒன்று என்று போகும். மாற்றிக்குள் இருக்கும் 'கற்கள்' ஒவ்வொன்றும் முந்தையதில் சரிபாதி: 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1. இந்தப் பத்துக் கற்களைக் கொண்டு 0 முதல் 1023 வரை எந்த முழு எண்ணையும் நிறுக்கலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு சேர்க்கைதான் உண்டு. இத்தாலியக் கணித அறிஞர் டார்டாலியா 1556இல் வெளிவந்த தம் நூலில், மிகக் குறைந்த கற்களைக் கொண்டு நிறுப்பது எப்படி என்ற புதிருக்கு இப்படி இரட்டித்துப் போகும் கற்களையே விடையாகச் சொன்னார். மின்சாரத்துக்கும் முன்னே பிறந்த முறை இது.

இப்போது ஒரு முறை நாமே நிறுத்துப் பார்ப்போம். அறை 31.4 டிகிரி, உணரி தருவது 314 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். நிறுப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? அதைக் குறிப்பு மின்னழுத்தம் என்பார்கள். இந்தச் சிப்புக்குள்ளேயே 1.1 வோல்ட் குறிப்பு ஒன்று உண்டு. அதை 1024 சம பங்காக்கினால் ஒரு பங்கு 1.074 மில்லிவோல்ட். அதுதான் மிகச் சிறிய கல். 512 என்ற கல்லின் எடை அதைப்போல் 512 மடங்கு, அதாவது 550 மில்லிவோல்ட்.

முதல் கல் 550. நம்மிடம் இருப்பதோ 314. கல் அதிகம், எடுத்துவிடு. 0 என்று எழுதிக்கொள். அடுத்தது 256, எடை 275. பொட்டலம் இன்னும் கனக்கிறது. கல் இருக்கட்டும், 1. அதன்மேல் 128ஐச் சேர்த்தால் 412.5 ஆகிவிடும். அதிகம், 0. 128க்குப் பதில் 64ஐச் சேர்த்தால் 343.75. அதுவும் அதிகம், 0. 32ஐச் சேர்த்தால் 309.4. இருக்கட்டும், 1. 16ஐச் சேர்த்தால் 326.6, 0. 8ஐச் சேர்த்தால் 318, 0. 4ஐச் சேர்த்தால் 313.7, மயிரிழையில் உள்ளே நிற்கிறது, 1. 2ஐச் சேர்த்தால் 315.8, 0. கடைசியாக 1ஐச் சேர்த்தால் 314.7, அதுவும் அதிகம், 0.

எழுதியதை வரிசையாகப் படித்தால் 0100100100. தட்டில் மிஞ்சிய கற்கள் 256, 32, 4. கூட்டினால் 292. மாற்றி தரும் விடை இதுதான். ஒவ்வொரு நிறுவையும் ஒரு பிட்டைத் தருகிறது. பத்து நிறுவை, பத்து பிட்.

சிப்பில் தராசு முள்ளின் வேலையைச் செய்வது கம்பாரேட்டர் என்ற சுற்று. இரண்டு மின்னழுத்தங்களில் எது பெரியது என்று மட்டும் அது சொல்லும். எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியாது. எந்தக் கல்லை வைப்பது, எதை எடுப்பது என்று நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பதிவகம். கற்களாக இருப்பவை பெரும்பாலும் மின்தேக்கிகள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெக்ரியரியும் கிரேயும் 1975இல் வெளியிட்ட முறை இது: ஒன்றுக்கொன்று பாதியாக அமைந்த மின்தேக்கிகளின் வரிசை ஒன்றில் உள்ளே வரும் மின்னழுத்தத்தைத் தேக்கிக்கொண்டு, ஒவ்வொரு மின்தேக்கியாகக் குறிப்பு மின்னழுத்தத்துக்கு மாற்றி இணைத்து, மின்னூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது. பொட்டலத்தை ஏந்தும் தட்டும் அதுவே, கற்களும் அதுவே. மின்தேக்கிகளைச் சிலிக்கனில் அச்சிடுவதைப்போலத் துல்லியமான விகிதத்தில் செய்ய முடிந்ததால் முழு மாற்றியும் ஒரே சிப்பில் அடங்கியது. அதற்கு இருபது ஆண்டு முன்னால், 1954இல், பெர்னார்ட் கார்டன் எப்ஸ்கோ நிறுவனத்தில் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு உருவாக்கிய 11 பிட் மாற்றி இதே முறையில்தான் இயங்கியது. அதன் எடை 68 கிலோ, அது குடித்த மின்சாரம் 500 வாட்.

என் பலகையில் இந்தப் பத்து நிறுவைக்கும் முன்பின் வேலைகளுக்குமாகச் சேர்த்து 104 மைக்ரோ வினாடி ஆகிறது. ஒரு வினாடியில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் முறை அளக்கலாம். வெப்பமானிக்கு இது தேவைக்கு மேலே.

நம் 292க்குத் திரும்புவோம். 292 பங்கு என்றால் 313.7 மில்லிவோல்ட். உணரி தந்ததோ 314. மீதி 0.3 மில்லிவோல்ட் எங்கே போயிற்று? அதை நிறுக்க நம்மிடம் கல் இல்லை. 1.074ஐவிடச் சிறிய கல் இருந்திருந்தால் நிறுத்திருக்கலாம். 313.7க்கும் 314.7க்கும் இடையில் உள்ளே என்ன வந்தாலும் மாற்றி 292 என்றே சொல்லும். உண்மை மதிப்புக்கும் எண் சொல்லும் மதிப்புக்கும் உள்ள இந்த இடைவெளிதான் குவாண்டமாக்கப் பிழை. மாற்றி பழுதாகி வருவதல்ல இது. கற்களெல்லாம் அணுவளவும் பிசகாமல் இருந்தாலும், கம்பாரேட்டர் ஒரு முறையும் தவறாமல் சொன்னாலும், இந்தப் பிழை இருந்தே தீரும். சரிவான பாதையைப் படிக்கட்டாக மாற்றினால் இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க இடம் கிடையாது.

இந்தப் பிழையின் அளவு நமக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான் ஆறுதல். நாம் நிறுத்த விதத்தில் அது பூஜ்யத்துக்கும் ஒரு படிக்கும் இடையில் இருக்கும். எப்போதும் குறைத்தே காட்டும். கோழிமுட்டை விற்பவர் உடைந்த கணக்கை விட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் சொல்வதுபோல. அதனால் பல மாற்றிகளில் தராசு முள்ளையே அரைப்படி நகர்த்தி அமைத்துவிடுவார்கள். அப்போது பிழை கூட்டியும் குறைத்தும் அரைப்படிக்குள் விழும். சராசரியில் ஒரு பக்கமாகச் சாயாது. உள்ளே வரும் மின்னழுத்தம் எல்லா இடத்திலும் பரவலாக அலையுமானால், பிழையின் வழக்கமான அளவு ஒரு படியை 12இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது படியில் சுமார் 0.29 பங்கு.

ஒரு படியின் அளவு எவ்வளவு என்பதே பிரிதிறன். அது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எத்தனை கற்கள், எவ்வளவு பெரிய அளவுகோல். கல் ஒன்று கூடினால் படி பாதியாகும். அளவுகோல் சுருங்கினாலும் படி சுருங்கும். அன்று பிற்பகல் நான் மறந்தது இந்த இரண்டாவதை. அர்டுயினோ பலகை, நாம் எதுவும் சொல்லாவிட்டால், தனக்கு வரும் 5 வோல்ட் மின்வழங்கலையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டை 1024ஆல் வகுத்தால் படி 4.88 மில்லிவோல்ட், அதாவது ஏறக்குறைய அரை டிகிரி. 314 மில்லிவோல்ட்டில் அப்படி 64 படிகள்தான் முழுதாக அடங்கும். 64 படி என்றால் 31.25 டிகிரி, 65 என்றால் 31.74. காணாமல் போன 31.5இன் கதை இவ்வளவுதான்.

இதில் இன்னொன்றும் உண்டு. என் அறையின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டப் போவதில்லை. உணரியின் மின்னழுத்தம் 500 மில்லிவோல்ட்டுக்குள் நின்றுவிடும். 5 வோல்ட் அளவுகோலில் அதற்கு மேலே உள்ள படிகள், பத்தில் ஒன்பது பங்கு, ஒரு நாளும் பயன்படாமல் கிடந்தன. தங்கம் நிறுக்க மூட்டைத் தராசைக் கொண்டுபோன கதைதான். 1.1 வோல்ட் குறிப்புக்கு மாற்றியதும் படி 0.107 டிகிரியாகச் சுருங்கியது. வேறு சிப் வாங்கவில்லை, ஒரு பிட்டும் கூட்டவில்லை. நிரலில் ஒரே ஒரு வரி.

அதற்கும் கீழே போக முடியுமா? பலர் உடனே நினைப்பது, ஆயிரம் முறை அளந்து சராசரி எடுக்கலாம் என்பது. மின்னழுத்தம் அசையாமல் 292.3 படியில் நின்றால் ஆயிரம் முறையும் 292 என்றே வரும், சராசரியும் 292தான். ஒரே பொய்யை ஆயிரம் பேரிடம் கேட்டாலும் அது மெய்யாகாது. ஆனால் உள்ளே வரும் மின்னழுத்தத்தில் ஒரு படி அகலத்துக்கு இரைச்சல் கலந்திருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. 292.3ஐச் சுற்றி மேலும் கீழும் அரைப்படி அலைந்தால், அது 291.8க்கும் 292.8க்கும் இடையில் எங்கும் இருக்கும். பத்தில் இரண்டு முறை 291 என்றும், எட்டு முறை 292 என்றும் விடை வரும். சராசரி 291.8. உடைந்த பங்கை விட்டுவிடும் நிறுவை என்பதால் அரைப்படியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: 292.3. படிக்கட்டுக்கு நடுவே இருந்த மதிப்பு வெளியே வந்துவிட்டது! மற்ற இடங்களில் எதிரியாக இருக்கும் இரைச்சல், இங்கே சிறு அளவில் இருக்கும்போது, துணைக்கு வருகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். விலை மட்டும் உண்டு: பிரிதிறனில் ஒரு பிட் கூடுவதற்கு நான்கு மடங்கு அளவுகள் வேண்டும். இரண்டு பிட்டுக்குப் பதினாறு.

இந்த முறையின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டால் மாற்றி அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நிறுத்துக்கொண்டிருக்கும்போதே பொட்டலம் கனத்துவிட்டால் என்ன ஆகும்? தொடக்கத்தில் 540 மில்லிவோல்ட் இருந்ததால் 512 என்ற கல் அதிகம் என்று ஒதுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நொடித்துளியில் உள்ளே வருவது 560 ஆகிவிடுகிறது. மீதி ஒன்பது கற்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாலும் 511தான் வரும், அதாவது 549. 560ஐ எட்டவே முடியாது. அதனால்தான் நிறுவை தொடங்கும் முன் உள்ளே வரும் மின்னழுத்தத்தைச் சிறு மின்தேக்கி ஒன்றில் நிரப்பி, வாசலை மூடிவிட்டு, அந்தப் பிடித்து வைத்த அளவை மட்டுமே நிறுக்கிறார்கள்.

அந்த நிரப்பலில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். ஏடிமெகா328பியில் அந்த மின்தேக்கி 14 பிக்கோஃபாரட். நிரம்பக் கிடைக்கும் நேரம் என் பலகையில் சுமார் 12 மைக்ரோ வினாடி. உணரி எளிதாக மின்னோட்டம் தருமானால் இது தாராளம். நண்பர் ஒருவர் மின்கலத்தின் அளவைப் பார்க்க, மின்சாரம் வீணாகக் கூடாது என்று ஒரு மெகாஓம் மின்தடைகள் இரண்டை வைத்துப் பங்கிட்டு, அந்த நடுப்புள்ளியை ஒரு வாசலிலும் எல்எம்35ஐ மறு வாசலிலும் இணைத்திருந்தார். மின்கலத்தின் அளவு, அறை சூடாகும்போதெல்லாம் மாறியது. மின்கலத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வாசலுக்கும் மின்தேக்கி ஒன்றுதான். முதலில் எல்எம்35இன் மின்னழுத்தம் அதில் நிரம்பியிருக்கும். அடுத்து மின்கலத்தின் பக்கம் திரும்பியதும் அரை மெகாஓமுக்குச் சமமான தடை வழியாக அது சொட்டுச் சொட்டாகத்தான் மாற முடியும். 12 மைக்ரோ வினாடி முடியும்போது பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இன்னும் மிஞ்சியிருக்கும். ஒரு வாசலின் அளவு மற்றொரு வாசலின் பின்னால் போகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை அந்த வாசலுக்கும் தரைக்கும் இடையே வைத்தார், தொல்லை தீர்ந்தது. சிப்பின் தகவல் ஏடும் 10 கிலோஓமுக்கு மேற்படாத மூலத்துக்கே இந்த மாற்றி ஏற்றது என்கிறது.

இனி கடைசிச் சிக்கல், எல்லோரையும் ஏமாற்றுவது. 1.1 வோல்ட் குறிப்புக்கு மாறிய பிறகு என் வெப்பமானி 31.4, 31.5, 31.6 என்று அழகாக ஏறியது. ஆனால் பக்கத்தில் வைத்த நல்ல வெப்பமானி ஒரு டிகிரி குறைவாகக் காட்டியது. படி சிறியதாக இருப்பது பிரிதிறன். படிக்கட்டு சரியான இடத்தில் இருப்பது துல்லியம். இரண்டும் வேறு. மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோல், முழு நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் சுருங்கியிருந்தால், கோடுகள் நெருக்கமாக இருந்து என்ன பயன்?

ஏடிமெகா328பியின் உள்குறிப்பு 1.1 வோல்ட் என்று சொல்லப்பட்டாலும், சிப்புக்குச் சிப் அது 1.0 முதல் 1.2 வோல்ட் வரை எங்கும் இருக்கலாம் என்று தகவல் ஏடே சொல்கிறது. என் சிப்பில் 1.06 இருந்தது. அப்படியானால் படி 1.035 மில்லிவோல்ட், 314 மில்லிவோல்ட்டில் 303 படிகள் அடங்கும். நிரலோ ஒரு படி 1.074 என்று நம்பிப் பெருக்கி 32.5 டிகிரி என்று காட்டியது. 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்திருந்தபோதும் இதே கோளாறு வேறு முகத்தோடு இருந்தது. யூஎஸ்பி வழியாக வரும் மின்சாரம் 4.7 வோல்ட்டுக்கு இறங்கினால், அறை அதே 31.4இல் இருக்க, திரை 33.2 என்று காட்டும். கல் தேய்ந்தால் பொட்டலம் கனப்பதாகத் தெரியும்.

இதை எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் சரிசெய்ய முடியாது. கல்லையே நிறுத்துப் பார்க்க வேண்டும். உள்குறிப்பைத் தேர்ந்தெடுத்து ஒரு முறை அளந்த பிறகு, அந்த மின்னழுத்தம் பலகையின் `AREF` என்ற முனையில் வந்து நிற்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை அங்கேயும் மற்றொன்றைத் தரையிலும் வைத்துப் படியுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் எண்ணை 1060 இருக்கும் இடத்தில் போடுங்கள்:

```
analogReference(INTERNAL);            // setup()
float step_mV = 1060.0 / 1024;
float temp = analogRead(A0) * step_mV / 10;
```

அதன் பின் என் வெப்பமானி 31.4 காட்டியது. எல்எம்35 உணரியே அறை வெப்பத்தில் அரை டிகிரி வரை விலகலாம் என்பதால், புள்ளிக்குப் பின்னால் உள்ள அந்த 4ஐ நான் அறை சூடேறுகிறதா, ஆறுகிறதா என்று பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறேன்.